தொண்டை மறந்தபோது வயிற்றுக்கு ஒரு வழி

பக்கவாதம் வந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் கை கால் அசைகிறதா, பேச்சு வந்துவிட்டதா என்றுதான் விசாரிப்பார்கள். விழுங்க முடிகிறதா என்று கேட்பவர் அபூர்வம். ஆனால் பக்கவாதம் தாக்கிய முதல் நாட்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கிறது. ஒரு வாய் தண்ணீர் உள்ளே போவதற்கு உதடு, நாக்கு, தொண்டை, குரல்வளை எல்லாம் ஒரு நொடிக்குள் வரிசை தப்பாமல் வேலை செய்ய வேண்டும். அந்த நொடியில் மூச்சுக்குழாயின் வாசல் மூடிக்கொள்ள வேண்டும். இந்த வரிசையை நடத்துகிற மூளைப் பகுதிக்கு ரத்தம் போகாமல் நின்றுவிட்டால், குடித்த தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். நமக்குப் புரை ஏறினால் இருமுவோம். இவர்களில் சிலருக்கு அந்த இருமலும் வராது. அமைதியாகக் குடித்து முடிப்பார். மூன்றாம் நாள் காய்ச்சலும் சளியும் மூச்சுத் திணறலுமாக வந்து நிற்பார். நல்லெண்ணத்தோடு யாரோ ஊட்டிய ஒரு டம்ளர் இளநீர் நிமோனியாவில் முடிவது இப்படித்தான்.

அதனால்தான் விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்க்கும் வரை வாய் வழியாக எதுவும் தரக் கூடாது என்கிறார்கள். தேறாதவர்களுக்கு மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இரைப்பை வரை இறக்குவார்கள். நம் ஊர் வார்டுகளில் அதன் பெயர் ரைல்ஸ் டியூப். ஜான் ஆல்ஃபிரட் ரைல் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1921-இல் அறிமுகப்படுத்தியது. நூறு ஆண்டு கடந்தும் பெயர் மாறவில்லை.

மூக்குக் குழாயை உடனே வைக்கலாம், உடனே எடுக்கலாம். அதுதான் அதன் பலம். ஆனால் நாள் ஆக ஆக மூக்கின் ஓரம் புண்ணாகும், தொண்டை எரியும், தூக்கத்தில் கை தானாகப் போய்ப் பிடுங்கிவிடும். ஒவ்வொரு முறை மறுபடி வைக்கும்போதும் அது இரைப்பைக்குத்தான் போயிருக்கிறதா, நுரையீரலுக்குள் போய்விட்டதா என்று உறுதிசெய்ய வேண்டும். ஆகவே நான்கு வாரத்துக்கு மேலும் குழாய் உணவு தேவைப்படும் என்று தெரிந்தால், வயிற்றுத் தோல் வழியாகவே இரைப்பைக்கு நேராக ஒரு குழாய் வைக்கலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதுதான் பெக் டியூப்.

'வயிற்றில் ஓட்டை போடப் போகிறார்கள்' என்று கேட்டதும் குடும்பமே நடுங்கிப்போகும். இனி எழவே மாட்டார் போலிருக்கிறது, அதனால்தான் இந்த ஏற்பாடு என்று எண்ணிக்கொள்வார்கள். அந்தப் பயம் தேவையற்றது. ஆனால் அவசரமும் கூடாது. விழுங்க முடியாதவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வாரத்துக்குள் அந்தத் திறன் தானாகவே திரும்பிவிடுகிறது. ஃபுட் என்ற பெயரில் பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2005-இல் லான்செட் இதழில் வெளியானது. பக்கவாதத்துக்குப் பிந்திய முதல் வாரங்களிலேயே வயிற்றுக் குழாய் வைக்கப்பட்டவர்கள், மூக்குக் குழாயில் இருந்தவர்களைவிடத் தேறிவிடவில்லை. இறப்பையும் கடும் முடக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் அவர்கள் நிலை சற்று மோசமாகவே இருந்தது. முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு மூக்குக் குழாயே போதும் என்ற வழக்கம் அந்த ஆய்வால் உறுதிப்பட்டது. மூக்குக் குழாய் தங்கவே மாட்டேன் என்கிறவர்கள் மட்டும் விலக்கு.

யாருக்கு இந்தக் குழாய் நன்றாகப் பொருந்தும் என்பதற்கு ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். நரம்பியல் வார்டுகளில் திரும்பத் திரும்பக் காணக்கூடிய ஆள்தான். வயது அறுபத்திரண்டு, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. மூளையின் அடித்தண்டில் முகுளம் என்ற பகுதியின் ஓரத்தில் அடைப்பு. கை கால் வலு அப்படியே இருக்கிறது, நினைவு தெளிவு, பேசவும் செய்கிறார். குரல் மட்டும் கம்மிவிட்டது. விடாத விக்கல். ஆனால் தன் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் கைத்துண்டில் துப்பிக்கொண்டிருக்கிறார். விழுங்கும் வரிசையை நடத்துகிற நரம்புக் கூட்டம் முகுளத்தில்தான் இருக்கிறது. இந்த இடத்தில் அடிபட்டவர்களுக்கு விழுங்கும் திறன் திரும்பப் பல வாரம், சில சமயம் பல மாதம் ஆகும். ஆனால் பலருக்குத் திரும்பும். நாலாவது வாரத்திலும் ஒரு ஸ்பூன் தண்ணீர் இறங்கவில்லை, இரண்டு முறை மூக்குக் குழாய் வெளியே வந்துவிட்டது, உடல் எடை 64 கிலோவிலிருந்து 58 ஆகிவிட்டது. இவருக்கு வயிற்றுக் குழாய் வைப்பதுதான் சரி.

இருபது நிமிட வேலை

முன்பெல்லாம் இதற்கு வயிற்றைத் திறந்து அறுவைசிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. 1979-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மைக்கேல் காடரர் என்ற குழந்தைகள் அறுவை மருத்துவரும், ஜெஃப்ரி பான்ஸ்கி என்ற எண்டோஸ்கோப்பி நிபுணரும் சேர்ந்து, வயிற்றைத் திறக்காமலே ஒரு கைக்குழந்தைக்குக் குழாய் வைத்தார்கள். மறு ஆண்டு அந்த முறையை வெளியிட்டார்கள். இன்றும் உலகெங்கும் பெரும்பாலும் அவர்கள் வழியில்தான் நடக்கிறது.

நம் ஓட்டுநருக்கு முந்தைய இரவிலிருந்து உணவு நிறுத்தப்படும். ரத்தம் உறையும் தன்மையைப் பரிசோதித்துப் பார்ப்பார்கள். பக்கவாதத்துக்காக அவர் எடுக்கும் ஆஸ்பிரினை வழக்கமாக நிறுத்துவதில்லை. குளோப்பிடோக்ரெல் போன்றவற்றைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கலாம். அதை நரம்பியல் மருத்துவரும் வயிற்று மருத்துவரும் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். வீட்டில் யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. குழாய் வைப்பதற்குச் சற்று முன் நரம்பில் ஒரே ஒரு டோஸ் ஆன்டிபயாட்டிக் ஊசி போடுவார்கள். குழாய் வாய் வழியாகத்தான் உள்ளே போகப்போகிறது. வாயிலிருக்கும் கிருமிகளைத் தோல் வரை அது இழுத்துக்கொண்டு வரும். அந்த ஒரு ஊசியால் புண் சீழ் பிடிப்பது வெகுவாகக் குறைகிறது.

லேசான மயக்கத்தில் எண்டோஸ்கோப்பியை இரைப்பைக்குள் இறக்கி, காற்றை நிரப்பி உப்பவைப்பார்கள். அதன் முனையிலிருக்கும் விளக்கு வயிற்றுத் தோல் வழியாகச் சிவப்பாக வெளியே தெரியும். அந்த இடத்தில் வெளியிலிருந்து விரலால் அழுத்தினால், இரைப்பைச் சுவர் உள்ளே குழிவது திரையில் தெரிய வேண்டும். வெளிச்சமும் குழிவும் ஒரே இடத்தில் தெளிவாகத் தெரிந்தால், தோலுக்கும் இரைப்பைக்கும் நடுவே குடலோ கல்லீரலோ இல்லை என்று ஓரளவு நம்பலாம். தெரியாவிட்டால் அந்த வழியில் மேலே போகாமல் நிறுத்திவிடுவதே நல்ல மருத்துவருக்கு அடையாளம். அங்கே மரத்துப்போகும் ஊசி போட்டு, ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கீறி, ஊசி வழியாக ஒரு நீள நூலை இரைப்பைக்குள் விடுவார்கள். எண்டோஸ்கோப்பி அந்த நூலைப் பிடித்து வாய் வழியாக வெளியே கொண்டுவரும். நூலின் வாய்ப்பக்க முனையில் குழாயைக் கட்டி, வயிற்றுப் பக்கமிருந்து இழுத்தால், குழாய் வாய், உணவுக்குழாய், இரைப்பை வழியாக வந்து வயிற்றுத் தோலைத் தாண்டி வெளியே தலைநீட்டும். அதன் கடைசியில் ஒரு மெத்தென்ற தட்டு இருக்கிறது. அது இரைப்பையின் உட்சுவரில் போய் நின்றுகொள்ளும். வெளியே தோலின் மேல் ஒரு வட்டு மாட்டப்படும். உள்ளே தட்டு, வெளியே வட்டு, நடுவே வயிற்றுச் சுவர். குழாயின் குறுக்களவு ஏழெட்டு மில்லிமீட்டர். எல்லாம் முடிய இருபது நிமிடம் போதும். சுமார் நான்கு மணி நேரம் கழித்துத் தண்ணீர், பிறகு உணவு என்று தொடங்கலாம்.

முதல் மூன்று நாள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உணவு விடும்போது கடுமையான வயிற்று வலி, புண்ணிலிருந்து புதிய ரத்தம், பக்கவாட்டில் உணவு ஒழுகுவது, காய்ச்சல், வயிறு கல்லாவது. இவற்றில் எது வந்தாலும் உணவை அந்த நொடியே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். இரைப்பைக்குப் போக வேண்டியது வயிற்றறைக்குள் கசிகிறது என்பதன் அறிகுறி அது.

குழாயில் எழுதியிருக்கும் எண்

காது குத்திய புதிதில் கம்மலைக் கழற்றினால் துளை மூடிக்கொள்ளும். ஆறிய பிறகு அது காதின் பாகமாகவே ஆகிவிடும். வயிற்றுத் துளையும் அப்படித்தான். முதலில் அது வெறும் காயம். இரைப்பையும் வயிற்றுச் சுவரும் ஒன்றோடொன்று ஒட்டி உறுதியான பாதையாக மாற இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். சர்க்கரை நோய், ஊட்டக் குறைவு, ஸ்டீராய்டு மாத்திரை இருந்தால் இன்னும் தாமதமாகும். பராமரிப்பின் முறையெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் பிறக்கிறது.

முதல் வாரம் மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்தபடி சலைன் விட்டுத் துடைத்து, உலர்த்தி, கட்டு மாற்ற வேண்டும். கொஞ்சம் நிறமற்ற அல்லது மஞ்சள் சாயலான நீர் கசிவதும், துளையைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம் இருப்பதும் இந்த நாட்களில் இயல்புதான். ஆறிய பிறகு சாதாரண சோப்பும் தண்ணீரும் போதும். தினமும் ஒரு முறை, வட்டுக்கு அடியிலும் விரல் விட்டுச் சுத்தம்செய்து, ஈரம் இல்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். ஆறுகிற தோலை அவை எரிக்கும். பவுடரும் வேண்டாம். கசிவு இல்லாத துளைக்குப் பஞ்சோ கட்டோ தேவையில்லை. ஈரக் கட்டை மூடியே வைத்திருப்பதுதான் தோலை ஊறவைத்துப் பூஞ்சை பிடிக்க வழிசெய்கிறது.

பலர் அறியாத வேலை ஒன்று இருக்கிறது. குழாயின் மேல் சென்டிமீட்டர் கோடுகள் அச்சிட்டிருப்பார்கள். வட்டு தோலைத் தொடும் இடத்தில் எந்த எண் இருக்கிறது என்று தினமும் பார்க்க வேண்டும். நம் ஓட்டுநர் வீட்டுக்குப் போகும்போது அது 3. வட்டுக்கும் தோலுக்கும் நடுவே அரை முதல் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். புண் ஆறியதும், மருத்துவமனை சொன்ன நாளிலிருந்து, தினமும் குழாயை ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். வாரம் ஒரு முறை வட்டைத் தளர்த்தி, குழாயை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, மறுபடி மெல்ல இழுத்துப் பழைய எண்ணிலேயே நிறுத்த வேண்டும். இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடல் வரை போகிற குழாய்களை மட்டும் சுற்றக் கூடாது. உங்களுடையது எந்த வகை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த எண்ணை வீட்டுக்கு அனுப்பும் சீட்டிலேயே எல்லா மருத்துவமனைகளும் எழுதித்தர வேண்டும் என்பது என் கருத்து. குழாயின் வகை, அளவு, வைத்த தேதி, தோலில் நிற்கும் எண் என்று நான்கே வரிதான். அவை இல்லாமல் அனுப்புவதால், பிறகு எது நடந்தாலும் முதலில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரிவதில்லை.

அடைத்துக்கொண்டால்

வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் ஒரு காலையில் குழாயில் தண்ணீர் இறங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். முந்தைய நாள் என்ன நடந்தது? நான்கு மாத்திரைகளை ஒன்றாக உரலில் இடித்து, கேழ்வரகுக் கஞ்சியிலேயே கலந்து மருமகள் விட்டிருக்கிறார். மலச்சிக்கலுக்கு யாரோ சொன்னார்களென்று ஒரு ஸ்பூன் இசப்கோலும் சேர்த்திருக்கிறார். அடைப்பு ஒரே நாளில் வருவதில்லை. குழாயின் உட்சுவரில் புரதமும் மாவும் மெல்லப் படிந்து, வழி குறுகிவரும். கடைசி மாத்திரைத் துணுக்கு போய் அடைத்துவிடும். இசப்கோல் தண்ணீரைக் குடித்துக் குழாய்க்குள்ளேயே கூழாகும். அது எந்தக் குழாயிலும் போகவே கூடாது.

இதைத் தடுப்பது தண்ணீர்தான். உணவுக்கு முன்பும் பின்பும் 30 மில்லிக்குக் குறையாமல் வெதுவெதுப்பான தண்ணீர் விட வேண்டும். மாத்திரைக்கு முன்பும் பின்பும் அப்படியே. ஒன்றுக்கு மேற்பட்ட மாத்திரை இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே மாவாகப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, நடுநடுவே கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தர வேண்டும். உணவோடு மருந்தைக் கலக்கவே கூடாது. வீட்டில் அரைத்த கஞ்சியோ பருப்புத் தண்ணீரோ தருவதானால் மெல்லிய துணியிலோ நுண்ணிய வடிகட்டியிலோ இரண்டு முறை வடிக்க வேண்டும். பால் கலந்த உணவுக்குப் பின்னால் எலுமிச்சைச் சாறு விட்டால் குழாய்க்குள்ளேயே திரிந்துபோகும்.

இடிக்கவே கூடாத மாத்திரைகளும் உண்டு. நம் ஓட்டுநரின் நான்கில் இரண்டு அந்த வகை: இரைப்பைக்குப் பாதுகாப்பாகப் பூச்சு பூசிய ஆஸ்பிரின், பான்டோப்ரசோல். பான்டோப்ரசோலின் மேல்பூச்சு அந்த மருந்தை அமிலத்திலிருந்து காப்பது. இடித்தால் மருந்து இரைப்பையிலேயே வீணாகும், பூச்சின் துணுக்குகள் குழாயை அடைக்கும். நாள் முழுவதும் மெல்லக் கரையும்படி செய்த ரத்த அழுத்த மாத்திரையையோ வலிப்பு மாத்திரையையோ இடித்தால், ஒரு நாளுக்கான மருந்து ஒரே மணி நேரத்தில் உடலில் இறங்கிவிடும். அது ஆபத்து. இவற்றுக்கெல்லாம் தண்ணீரில் கரையும் மாத்திரையோ சிரப்போ மாற்று உண்டு. வீட்டுக்குக் கிளம்பும் முன்பே மாத்திரைச் சீட்டை நீட்டி, 'சார், இதுல எதெல்லாம் டியூப்ல போடலாம்?' என்று கேட்டுவிட்டால் வேலை முடிந்தது. வலிப்புக்கான ஃபெனிடாயின் விஷயத்தில் இன்னொன்று: உணவோடு சேர்ந்தால் அது உடலில் சரியாகச் சேராது. முன்னும் பின்னும் எவ்வளவு நேரம் உணவை நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடைத்துவிட்ட குழாயைத் திறப்பதற்கு முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். கிளிப் மூடியிருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா? இல்லையென்றால் 50 சிசி சிரிஞ்சை மாட்டி உள்ளே இருப்பதை மெல்ல உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து, முன்னும் பின்னுமாக மெதுவாகத் தள்ளி இழுக்க வேண்டும். வெளியே தெரியும் குழாயை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பிசைந்துவிடலாம். இறங்காவிட்டால் தண்ணீரோடு கிளிப்பை மூடி, கால் மணி நேரம் ஊறவிட்டு மறுபடி முயலலாம். சிறிய சிரிஞ்சால் அழுத்துவது தவறு. சிரிஞ்சு சிறியதாக ஆக, குழாய்க்குள் அழுத்தம் கூடும், குழாயே கிழிந்துபோகலாம். குழாய்க்குள் கம்பி, ஈர்க்குச்சி எதையும் விடக் கூடாது.

கோலா பானம் விட்டால் கரையும் என்று ஒரு நம்பிக்கை வார்டுகளிலிருந்து வீடுகள் வரை பரவியிருக்கிறது. உணவிலிருக்கும் புரதம் அமிலம் பட்டால் திரியும். கோலா அமிலம். அடைப்பைக் கரைப்பதற்குப் பதில் இன்னும் இறுக்கிவிட வாய்ப்பிருக்கிறது. வெந்நீருக்கு அசையாத அடைப்புக்கு மருத்துவமனையில் கணைய நொதியைச் சோடியம் பைகார்பனேட்டில் கரைத்து விடுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் குழாயை மாற்றுவார்கள்.

ஒழுகினால்

அடைப்பைவிடக் கடினமானது ஒழுகல். காரணம் ஒன்றல்ல. அதனால் கண்ணில் பட்டதைச் செய்தால் பெரும்பாலும் நிலைமை மோசமாகிறது.

இரண்டரை மாதம் கழிந்து நம் ஓட்டுநர் நன்றாகத் தேறிவிட்டார். ஒரு நாளைக்கு 250 மில்லி வீதம் ஆறு முறை உணவு. எடை 58-லிருந்து 63 ஆகியிருக்கிறது. இப்போது துளையைச் சுற்றி உணவு கசிகிறது. பனியன் நனைகிறது, தோல் சிவந்து எரிகிறது. மனைவி வட்டை இன்னும் இறுக்கி, அதன் அடியில் மடித்த பஞ்சையும் திணித்துக் கட்டினார். இரண்டு நாள் குறைந்தது போலிருந்தது. பிறகு முன்பைவிட அதிகமாக ஒழுகியது. உணவு விடும்போது வலியும் சேர்ந்துகொண்டது.

பரிசோதனைக்கு வந்தபோது செவிலியர் கேட்ட முதல் கேள்வி இது.

"அம்மா, டியூப்பைத் தினமும் சுத்தி விடுறீங்களா?"

"முதல்ல சுத்துனேன் சிஸ்டர். இப்ப ஒரு மாசமா இறுக்கமா இருக்கு, சுத்த வரல. வலிக்குதுங்கிறார், விட்டுட்டேன்."

அந்தப் பதிலிலேயே நோய் தெரிந்துவிட்டது. எடை கூடும்போது வயிற்றுச் சுவரும் தடிக்கிறது. ஆனால் வட்டு பழைய எண்ணிலேயே நிற்கிறது. முதலில் இருந்த அரை சென்டிமீட்டர் இடைவெளி மறைந்து, உள் தட்டுக்கும் வெளி வட்டுக்கும் நடுவே சதை நசுங்கத் தொடங்குகிறது. மனைவி வட்டை இறுக்கியதும் பஞ்சு திணித்ததும் அந்த நசுக்கலைக் கூட்டின. நசுங்கிய இடத்துக்கு ரத்தம் குறைந்து, இரைப்பைச் சுவர் புண்ணாகி, தட்டு மெல்லச் சுவருக்குள்ளேயே புதைய ஆரம்பித்துவிட்டது. பாதை அரித்து அகலமானதால்தான் ஒழுகல். ஒழுகல், உள்ளே தள்ள முடியாத குழாய், உணவு விடும்போது வலியும் தடையும்: இவை சேர்ந்து வந்தால் தட்டு புதைந்துவிட்டது என்றே எண்ணிக்கொண்டு, உணவை நிறுத்தி, எண்டோஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டும். முழுக்கப் புதைந்திருந்தால் எடுத்துவிட்டு வேறு குழாய் வைக்க வேண்டியிருக்கும். நம்மவருக்குப் பாதிதான் புதைந்திருந்தது. தட்டை விடுவித்து, வட்டைத் தளர்த்தி 4-இல் நிறுத்தினார்கள். வாரம் ஒரு முறை குழாயை உள்ளே தள்ளிப் பார்ப்பதன் காரணம் இதுதான். எடை ஏறும் ஒவ்வொருவருக்கும் அந்த எண் மாறியாக வேண்டும்.

எல்லா ஒழுகலும் இப்படி முடிவதில்லை. வட்டு மிகவும் தளர்ந்திருந்தாலும் ஒழுகும். குழாய் ஒரு பக்கமாகவே தொங்கி இழுத்தால் துளை நீள்வட்டமாகிவிடும். வயிற்றோடு சேர்த்து ஒட்டி வைத்தால் அது குறையும். மலச்சிக்கலும் விடாத இருமலும் வயிற்றுக்குள் அழுத்தத்தை ஏற்றி, உணவை வெளியே தள்ளும். சர்க்கரை நோயில் இரைப்பை மெதுவாகக் காலியாவதால் மிச்ச உணவு தேங்கி ஒழுகலாம். அவர்களுக்கு ஒரே நேரத்தில் நிறைய விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். துளையின் விளிம்பில் ஈரமான இளஞ்சிவப்புச் சதை வளர்ந்து தொட்டதும் ரத்தம் வந்தால், சில்வர் நைட்ரேட் குச்சியால் மருத்துவமனையில் சுட்டுவிடுவார்கள். சிவப்பு பரவி, சூடும் வலியும் சீழும் காய்ச்சலும் சேர்ந்தால் அது கிருமித் தொற்று, ஆன்டிபயாட்டிக் வேண்டும்.

ஒழுகும் அமிலத்திலிருந்து தோலைக் காக்கத் துத்தநாக ஆக்சைடு களிம்பை மெல்லப் பூசலாம். ஆனால் பெரிய அளவுக் குழாய் வைத்து ஓட்டையை அடைத்துவிடலாம் என்ற யோசனையை ஏற்கக் கூடாது. துளை அதற்கேற்ப இன்னும் அகலமாகும். சில வாரத்தில் பெரிய குழாயைச் சுற்றியும் ஒழுகும்.

குழாயே கழன்று விழுந்துவிட்டால்? வைத்து நான்கு வாரத்துக்குள் என்றால் வீட்டில் யாரும் திரும்பச் செருகக் கூடாது. பாதை இன்னும் ஒட்டியிருக்காது. குழாய் இரைப்பைக்குப் போகாமல் வயிற்றறைக்குள் போய்விடும், அதில் உணவு விட்டால் உயிருக்கே ஆபத்து. சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாதங்கள் கடந்த துளை என்றாலும் சில மணி நேரத்துக்குள் சுருங்கத் தொடங்கிவிடும், அதனால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. மாற்றி வைத்த குழாய் இரைப்பைக்குள்தான் இருக்கிறது என்று, உறிஞ்சிய நீரின் அமிலத்தன்மையையோ, சாய மருந்து விட்டு எடுத்த எக்ஸ்ரேயையோ கொண்டு உறுதிசெய்யாமல் எதையும் விடக் கூடாது. மாற்றுக் குழாய்களில் பெரும்பாலும் உள் தட்டுக்குப் பதில் தண்ணீர் நிரப்பிய சிறு பலூன் இருக்கும். அந்தத் தண்ணீரின் அளவை வாரம் ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

வயிற்று வழி இருந்தாலும் வாய் இருக்கிறது

குழாய் வைத்துவிட்டால் புரை ஏறாது, நிமோனியா வராது என்று நினைப்பது தவறு. எச்சில் ஊறிக்கொண்டேதான் இருக்கும், அது தவறான வழியில் இறங்கத்தான் செய்யும். இரைப்பையிலிருந்து உணவு மேலேறி வரவும் கூடும். அதனால் உணவு விடும்போதும் அதன் பிறகு ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். 250 மில்லியை இருபது நிமிடம் முதல் அரை மணி வரை மெல்ல விட வேண்டும். சாப்பிடாத வாய்தானே என்று பல் துலக்காமல் விட்டால், வாயில் பெருகும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குப் போகும். சாப்பிடாதவருக்குத்தான் காலையும் இரவும் பல் துலக்குவது கட்டாயம்.

விழுங்கும் பயிற்சியையும் நிறுத்தக் கூடாது. பேச்சுப் பயிற்சி நிபுணர்கள்தான் அதைச் சொல்லிக்கொடுப்பார்கள். மெல்லிய கேமராவை மூக்கு வழியாக விட்டோ, நகரும் எக்ஸ்ரே படத்திலோ எந்தப் பதத்தில் உணவு பத்திரமாக இறங்குகிறது என்று பார்த்து, முதலில் கூழ் பதத்தில் ஒரு ஸ்பூனிலிருந்து தொடங்குவார்கள். தண்ணீர் வேகமாக ஓடுவதால் அதைத்தான் கடைசியில் அனுமதிப்பார்கள். தண்ணீர்தானே என்று முதலில் தருவது தலைகீழ் முறை. நம் ஓட்டுநருக்கு நாலாவது மாதம் குழைந்த சோறு இறங்கியது. வாயால் சாப்பிடுவதே தேவைக்குப் போதுமாகி, எடை குறையாமல் சில வாரம் நின்றதும் குழாயை எடுக்கலாம் என்று முடிவானது. சில வகைக் குழாயை வெளியிலிருந்தே இழுத்து எடுத்துவிடலாம். சிலவற்றுக்கு மறுபடி எண்டோஸ்கோப்பி தேவை. தையல் போடுவதில்லை. மேலே ஒரு பஞ்சை வைத்து ஒட்டிவிடுவார்கள், அன்று கொஞ்ச நேரம் சாப்பிடாமல் இருக்கச் சொல்வார்கள், துளை ஓரிரு நாளில் தானாகவே மூடிக்கொள்ளும். ஒரு மாதம் கடந்தும் மூடாமல் ஒழுகினால், உள்ளிருந்து கிளிப் போட்டு அடைக்க முடியும்.